லண்டன் தாளில் 124, நம் ஊர்த் தாளில் 1.4: அலகை மாற்றும்போது வரம்பையும் மாற்றுங்கள்

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. லண்டனில் அண்ணன் வீட்டில் நான்கு மாதம் தங்கியிருந்தபோது இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்திருக்கிறார்கள். கிரியாட்டினின் 124, யூரியா 8.2, எச்பிஏ1சி 58, சிறுநீர் ஏசிஆர் 6.2, இஜிஎப்ஆர் 51 என்று தாளில் இருக்கிறது. சென்ற ஆண்டு இங்கே கிரியாட்டினின் 1.1, எச்பிஏ1சி 8.4. அப்பா 124 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறார். ஏசிஆர் 30-க்குக் கீழே இருப்பதால் சிறுநீரகம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் சமாதானம் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் நம் ஊர்க் கணக்குக்கு மாற்றித் தமிழில் எழுதிக் கொடுக்க விரும்புகிறேன். வரம்புக்கு இங்குள்ள லேப் தாளில் போட்டிருக்கும் நார்மல் அளவையே வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஏசிஆரைப் பற்றி நீங்கள் சொன்ன சமாதானத்தை இன்றே அப்பாவிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். 30 என்ற எல்லை, ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் என்று கணக்கிடும் mg/g அலகுக்கு உரியது; நம் ஊர் ஆய்வகங்கள் பெரும்பாலும் அந்த அலகில்தான் தருகின்றன. பிரிட்டனில் ஏசிஆரை mg/mmol அலகில், அதாவது ஒரு மில்லிமோல் கிரியாட்டினினுக்கு இத்தனை மில்லிகிராம் அல்புமின் என்று தருவார்கள். தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அலகு சிறிய எழுத்தில் இருக்கும், பாருங்கள். அதை mg/g-க்கு மாற்ற 8.84 ஆல் பெருக்க வேண்டும், 6.2 என்பது ஏறத்தாழ 55 ஆகிறது. லண்டன் அறிக்கையின் எல்லை 3. உங்கள் தந்தையின் எண் அதைப் போல இரண்டு மடங்கு. எந்த அலகில் பார்த்தாலும் சிறுநீரில் அல்புமின் அளவுக்கு மேல் கசிந்திருக்கிறது என்றுதான் இந்த முடிவு சொல்கிறது.

பயமுறுத்துகிற எண்ணைவிட ஆறுதல் தருகிற எண்ணே வெளிநாட்டு அறிக்கைகளில் ஆபத்தானது என்பது என் பல ஆண்டு அனுபவம். 124 என்பதைப் பார்த்தவர் யாரிடமாவது ஓடிப்போய்க் கேட்டுவிடுகிறார். அரை மணி நேரத்தில் அந்தப் பயம் தீர்ந்துவிடும். 6.2 என்பதைப் பார்த்தவரோ தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார். இதே ஏசிஆரை இப்படியே படித்துவிட்டு எட்டு மாதம் கழித்து, கால் வீங்கிய பிறகு வந்த ஒரு பெரியவரின் தாளை நான் பார்த்திருக்கிறேன். அதில் தவறாக அச்சாகியிருந்த எண் ஒன்றுகூட இல்லை.

இந்த அலகுகள் ஏன் வேறுபடுகின்றன என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும். வாழைப்பழத்தை ஒரு கடைக்காரர் டஜன் கணக்கில் எண்ணி விற்கிறார், இன்னொருவர் கிலோ கணக்கில் நிறுத்து விற்கிறார். மோல் என்பது எண்ணி விற்பது போன்றது. மில்லிகிராம் என்பது நிறுத்து விற்பது. ஒரு டஜன் பூவன் பழத்தின் எடையும் ஒரு டஜன் செவ்வாழையின் எடையும் ஒன்றாக இருக்காது அல்லவா? அதேபோல் குளுக்கோஸின் மூலக்கூறு ஓர் எடை, கிரியாட்டினினுடையது வேறு எடை, கொலஸ்ட்ராலுடையது அதைவிடப் பெரிய எடை. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று தனிப் பெருக்கெண் உண்டு. இரத்தச் சர்க்கரையை mmol/L-இலிருந்து mg/dL-க்குக் கொண்டுவர 18 ஆல் பெருக்குகிறோம் என்று தெரிந்தவர்கள், அதே 18-ஐக் கொலஸ்ட்ராலுக்கும் போட்டுவிடுவது உண்டு. கொலஸ்ட்ராலுக்கு 38.67 என்றால், அதே தாளில் அடுத்த வரியில் இருக்கும் டிரைகிளிசரைடுக்கு 88.6.

இனி உங்கள் தந்தையின் கிரியாட்டினினைப் பார்ப்போம். அறிக்கையில் 124 µmol/L என்று இருக்கும். இதை 88.4 ஆல் வகுத்தால் 1.40 mg/dL கிடைக்கும். வகுத்தவுடன் கால்குலேட்டர் 1.4027 என்று காட்டும். அத்தனை தசமங்களையும் எழுதாதீர்கள், ஏனென்றால் மூலத்தில் இல்லாத துல்லியத்தை மாற்றிய எண்ணுக்குத் தரக்கூடாது. இன்னொன்று, அலகின் முன்னால் இருக்கும் µ என்ற எழுத்து 'மைக்ரோ' என்பதைக் குறிக்கிறது. வாட்ஸாப்பில் தட்டச்சு செய்து அனுப்பும்போது அது u ஆகவோ, சில நேரம் m ஆகவோ மாறிவிடும். m ஆகிவிட்டால் அளவு ஆயிரம் மடங்காகி, 1400 என்பது போல ஒரு மனிதருக்கும் இருக்க முடியாத விடை வரும். அப்படி வந்தால் நோயைச் சந்தேகிக்காமல் எழுத்தைச் சந்தேகியுங்கள். அண்ணன் தட்டி அனுப்பியதை வைத்துக் கணக்கிடாமல் மூலத் தாளின் படத்தை வாங்கிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது வரம்பு. வெளிநாட்டு எண்ணை இங்குள்ள அலகுக்கு மாற்றி, அதை இங்குள்ள ஆய்வகத்தின் வரம்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியல்ல. எந்தத் தாளில் எண் வந்ததோ அந்தத் தாளின் வரம்பையும் அதே பெருக்கெண்ணால் மாற்றி, இரண்டையும் ஒன்றாகவே கொண்டுவர வேண்டும். ஆண்களுக்கான கிரியாட்டினின் வரம்பு உங்கள் அண்ணன் அனுப்பிய தாளில் 59 முதல் 104 வரை என்று இருந்தால், அது நம் கணக்கில் 0.67 முதல் 1.18 வரை. நம் ஊர்த் தாள் ஒன்றில் 1.3 வரையிலும்கூட வரம்பு போட்டிருப்பார்கள். வரம்பு என்பது அந்த ஆய்வகத்தின் கருவி, வேதிப்பொருள், முறை ஆகியவற்றோடு சேர்ந்து பிறப்பது. மேலும், நலமாக இருக்கும் நூறு பேரைச் சோதித்தால் அவர்களில் நடுவிலுள்ள 95 பேரின் அளவுகள் எங்கிருந்து எங்குவரை பரவியிருக்கின்றன என்பதுதான் பெரும்பாலான வரம்புகளின் பொருள். ஆகவே மீதி ஐந்து பேர் நோய் இல்லாமலேயே வரம்புக்கு வெளியே நிற்பார்கள். 'நார்மல்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'இந்த ஆய்வகத்தின் வழக்கமான வரம்பு' என்று எழுதுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கிரியாட்டினினை அளக்கப் பரவலாக இரண்டு முறைகள் உண்டு. ஜாபே என்பது பழைய நிறமாற்ற முறை. நொதியைப் பயன்படுத்துவது மற்றொன்று. ஜாபே முறையில் கிரியாட்டினின் அல்லாத சில பொருள்களும், குறிப்பாகக் கீட்டோன்களும் புரதங்களும், நிறத்தைக் கூட்டிவிடும் என்பதால் விடை சற்று உயர்ந்து வரக்கூடும். சென்ற ஆண்டு இங்கே 1.1 வந்ததும் இப்போது அங்கே 1.40 வந்ததும் முறையின் வேறுபாடாக மட்டும் இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். இங்கே ஜாபே முறையும் அங்கே நொதி முறையும் பயன்பட்டிருந்தால், வேறுபாடு எதிர்த்திசையில், அதாவது இங்கே கூடுதலாகவும் அங்கே குறைவாகவும் இருந்திருக்க வேண்டும். எனவே இந்த உயர்வை முறையின் மேல் பழிபோட்டு ஒதுக்கிவிட எனக்கு மனம் இடம் தரவில்லை. ஆனால் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: பரிசோதனைக்கு முந்தைய இரவோ அன்று காலையோ கறி சாப்பிட்டாரா? சமைத்த இறைச்சியில் இருக்கும் கிரியாட்டினின் சில மணி நேரத்துக்கு இரத்த அளவை உயர்த்தும். இஜிஎப்ஆருக்காக இரத்தம் கொடுப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரம் இறைச்சி வேண்டாம் என்று பிரிட்டனின் வழிகாட்டுதலே சொல்கிறது.

இஜிஎப்ஆருக்கு மாற்றமே தேவையில்லை. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்ற அதே அலகுதான் இரு நாட்டிலும். ஆனாலும் அதை நேரடியாக ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இது அளந்த எண் அல்ல, கிரியாட்டினினையும் வயதையும் பாலினத்தையும் வைத்துச் சூத்திரத்தால் கணித்த எண். பிரிட்டனில் 2009-ஆம் ஆண்டின் சிகேடி-இபிஐ சூத்திரம் வழக்கில் இருக்கிறது. 68 வயது ஆணுக்கு 1.40 என்றால் அதில் 51 வருகிறது. அதே இரத்தத்துக்கு அந்தச் சூத்திரத்தின் 2021-ஆம் ஆண்டு வடிவத்தைப் போட்டால் ஏறத்தாழ 55 வரும். நாளை உங்கள் ஊர் ஆய்வகம் 2021 சூத்திரத்தில் 55 என்று தந்தால், சிறுநீரகம் தேறிவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கிரியாட்டினின் எவ்வளவு என்று பாருங்கள். சென்ற ஆண்டின் 1.1-ஐ அதே 2009 சூத்திரத்தில் நான் கணித்துப் பார்த்தேன், 69 வருகிறது. ஒரே சூத்திரத்தில் 69-இலிருந்து 51 என்பதுதான் மருத்துவருக்குப் பயன்படும் ஒப்பீடு.

யூரியாவில் இருக்கும் சிக்கல் வேறு வகையானது, படித்தவர்களும் இதில் வழுக்கிவிடுகிறார்கள். லண்டன் தாளின் 8.2 mmol/L என்பது முழு யூரியா. நம் ஊர் ஆய்வகங்களில் சில 'பிளட் யூரியா' என்று முழு யூரியாவின் எடையைத் தருகின்றன. சில 'பியூஎன்' என்று யூரியாவில் இருக்கும் நைட்ரஜனின் எடையை மட்டும் தருகின்றன. அமெரிக்க அறிக்கைகளில் பியூஎன்தான் வரும். முழு யூரியாவுக்குக் கொண்டுவர 6 ஆல் பெருக்க வேண்டும். 49 mg/dL கிடைக்கும். பியூஎன்னுக்கு 2.8 ஆல் பெருக்க வேண்டும்; 23 கிடைக்கும். இணையத்தில் கிடைக்கும் மாற்றுக் கருவி பெரும்பாலும் பியூஎன் கணக்கைப் போட்டு 23 என்று கொடுத்துவிடும். அதைக் கொண்டுபோய் '15 முதல் 40 வரை' என்று அச்சாகியிருக்கும் பிளட் யூரியா வரம்புக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் அழகாக உட்கார்ந்துவிடும். லண்டன் வரம்பு 2.5 முதல் 7.8 வரை என்று இருந்தால், முழு யூரியாவில் அது 15 முதல் 47 வரை. உங்கள் தந்தையின் 49 அதைச் சற்றே தாண்டியிருக்கிறது. வரம்பையும் சேர்த்து மாற்றினால் இந்தப் பிழை தானாகவே வெளிப்பட்டுவிடும் என்பதைக் கவனியுங்கள். மூலத் தாளில் வரம்புக்கு வெளியே இருந்த ஓர் எண், மாற்றிய பிறகு உள்ளே வந்துவிட்டால் கணக்கில் எங்கோ தவறு என்று பொருள்.

எச்பிஏ1சிக்கு வெறும் பெருக்கல் போதாது. பிரிட்டன் 2011-இலிருந்து விழுக்காட்டை விட்டுவிட்டு mmol/mol என்ற அலகில் மட்டும் தருகிறது. இரு அலகுகளுக்கும் பின்னால் இரு வேறு தர அளவீடுகள் இருப்பதால், பெருக்கியபின் ஒரு நிலையான எண்ணையும் கூட்ட வேண்டும்:

```
% = 0.0915 × (mmol/mol) + 2.15
```

58-ஐப் போட்டால் 7.46, அதாவது 7.5 விழுக்காடு. சென்ற ஆண்டின் 8.4-க்கு இது நல்ல முன்னேற்றம், அந்த 8.4 லண்டன் அலகில் 68 ஆகும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. '68-இலிருந்து 58, பத்து குறைந்திருக்கிறது' என்று அண்ணன் சொல்ல, அந்தப் பத்தை இதே சூத்திரத்தில் போட்டால் 3.1 என்று வரும்; மூன்று விழுக்காடு குறைந்துவிட்டது என்று அப்பா நம்பி மாத்திரையை விட்டுவிடக்கூடும். வேறுபாட்டை மாற்றும்போது 2.15-ஐக் கூட்டக்கூடாது, ஏனென்றால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அது அடிபட்டுப் போய்விடுகிறது. உண்மையில் குறைந்தது 0.9 விழுக்காடுதான்.

இந்த எச்பிஏ1சிக்குப் பக்கத்தில் அச்சாகும் எல்லை, கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் அச்சாகும் வரம்பைப் போன்றதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது நலமானவர்களை அளந்து வகுத்த பரவல் அன்று. எந்த அளவிலிருந்து நோய் என்று சொல்வது என நிபுணர்கள் கூடி முடிவுசெய்த கோடு. 48 mmol/mol, அதாவது 6.5 விழுக்காடு வந்தால் சர்க்கரை நோய் என்பதில் இரு நாடுகளுக்கும் வேறுபாடு இல்லை. அதற்கு முந்தைய கட்டத்தில் வேறுபாடு உண்டு. பிரிட்டன் 42-இலிருந்து, அதாவது 6.0 விழுக்காட்டிலிருந்து எச்சரிக்கிறது. நம் ஊர்த் தாள்களில் பெரும்பாலும் அமெரிக்கச் சங்கத்தின் 5.7 அச்சாகியிருக்கும். ஒருவருக்கு 40 வந்தால் அது 5.8, லண்டனில் அவர் இயல்பானவர், சென்னையில் 'பிரீ டயாபடீஸ்'. கணக்கில் பிழையே இல்லாமல் தீர்ப்பு மாறும் இடம் இது. உங்கள் தந்தைக்கோ ஏற்கெனவே நோய் இருப்பதால் இந்த எல்லைகள் இரண்டுமே அவருக்குப் பொருந்தா. அவருடைய வயதுக்கும் மருந்துகளுக்கும் ஏற்ப மருத்துவர் குறித்த இலக்கு எதுவோ அதுதான் அவர் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியது.

தாளில் சோடியம், பொட்டாசியம், டிஎஸ்எச் இருந்தால் அவற்றின் எண் மாறாது. ஹீமோகுளோபினைப் பத்தால் வகுத்தால் போதும். கல்லீரல் நொதிகளின் அலகு ஒன்றாகவே தெரிந்தாலும் முறைக்கு முறை அளவு மாறும். அவற்றை அந்தந்தத் தாளின் வரம்போடு மட்டும் படியுங்கள்.

தமிழில் எழுதுவதில் எனக்கு மிகவும் கவலை தரும் ஒரு சொல் 'உப்பு'. யூரியாவும் கிரியாட்டினினும் கூடினால் 'இரத்தத்தில் உப்பு கூடியிருக்கிறது' என்று மருத்துவமனைகளிலேயே சொல்லிப் பழகிவிட்டோம். கேட்பவர் அதைச் சமையல் உப்பு என்று எடுத்துக்கொண்டு, உப்பில்லாச் சோறு சாப்பிட்டுவிட்டுச் சிறுநீரகத்துக்கு வேண்டியதைச் செய்துவிட்டதாக நினைக்கிறார். சிறுநீரக நோயில் உப்பைக் குறைப்பது இரத்த அழுத்தத்துக்கு நல்லதுதான். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து அன்றாடம் வரும் கழிவு, உப்பைக் குறைத்ததால் அது குறைந்துவிடாது. அப்பாவுக்கு 'சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு' என்றே எழுதுங்கள். எச்பிஏ1சிக்கு 'மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண்', ஏசிஆருக்கு 'சிறுநீரில் கசியும் புரதம்' என்ற வழக்குகள் போதும்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் முதலில் லண்டன் எண்ணையும் அலகையும் வரம்பையும் அச்சில் உள்ளபடியே எழுதி, அதற்குக் கீழே மாற்றிய எண்ணையும் மாற்றிய வரம்பையும் 'மாற்றியது' என்ற குறிப்போடு எழுதுங்கள். மூல எண்ணை எக்காரணத்துக்காகவும் அழித்துவிட வேண்டாம். நீங்கள் தவறினால் மருத்துவர் அதைக் கொண்டுதான் பிடிப்பார். முதல் வரியை நானே எழுதிக் காட்டுகிறேன்:

"கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு): லண்டன் தாளில் 124 µmol/L, வரம்பு 59–104. மாற்றியது: 1.40 mg/dL, வரம்பு 0.67–1.18. வரம்புக்குச் சற்று மேல். சென்ற ஆண்டு இங்கே 1.1, ஆய்வகம் வேறு."

இந்தத் தாளோடு அப்பாவை இரண்டு வாரத்துக்குள் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கிரியாட்டினினையும் ஏசிஆரையும் திரும்பப் பார்க்கச் சொல்லுவார். சென்ற ஆண்டு 1.1 தந்த அதே ஆய்வகத்திலேயே கொடுத்தால் முறையின் வேறுபாடு குறுக்கே வராது. முந்தைய இரவு இறைச்சி வேண்டாம், ஏசிஆருக்குக் காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக் கொடுக்கட்டும். மூட்டு வலிக்கென்று மாத்திரை ஏதேனும் தாமாக வாங்கிப் போடுகிறாரா என்று கேட்டு, அதன் பெயரையும் தாளின் அடியில் எழுதி வையுங்கள். மூன்று மாதங்களுக்கு மேல் இஜிஎப்ஆர் 60-க்குக் கீழே நீடித்தாலோ, ஏசிஆர் உயர்ந்தே இருந்தாலோதான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்ற பெயரை மருத்துவர் வைப்பார். அதுவரை அந்தப் பெயரை உங்கள் தாளில் எழுத வேண்டாம்.